எரிந்த சரக்கின் மதிப்பைப் போன வருட லாப விகிதத்திலிருந்து கணக்கிடுவது

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் அப்பா நடத்தும் துணிக்கடையில் செப்டம்பர் 9 இரவு தீப்பிடித்துவிட்டது. கடைசியாகச் சரக்கு எண்ணியது போன டிசம்பர் 31ல்தான். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய அட்ஜஸ்டர், "போன வருட லாப விகிதத்தை வைத்து அன்றைய இருப்பைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார். எண்ணாத சரக்கை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது? போலிசியில் உள்ள தொகை முழுதும் கிடைக்குமா?

பதில்:

எரிந்த சரக்கை இனி யாராலும் எண்ண முடியாது. ஆனால் அது கடைக்குள் வந்ததற்கும் கடையை விட்டுப் போனதற்கும் காகிதம் இருக்கிறது. ஜனவரி 1 அன்று இருந்தது தெரியும். அதன் பிறகு வாங்கியது தெரியும். இரண்டையும் கூட்டி, விற்றுப்போனதைக் கழித்தால் மிச்சம் இருந்தது தெரிந்துவிடும். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். வாங்கியது அடக்க விலையில் எழுதப்பட்டிருக்கும், விற்றது விற்பனை விலையில் எழுதப்பட்டிருக்கும். விற்பனைத் தொகைக்குள் இருக்கும் லாபத்தை உரித்தெடுத்து அதை அடக்க விலைக்குக் கொண்டுவந்தால்தான் கழிக்க முடியும். போன வருட மொத்த லாப விகிதத்தை அட்ஜஸ்டர் கேட்பது அதற்காகத்தான்.

உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால், உங்கள் கடையைப் போன்ற ஒரு துணிக்கடையை வைத்துப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். தொகை எல்லாம் வெள்ளியில்.

முதலில் ஒரு தவறைத் தவிர்த்துவிட வேண்டும். அப்பாவிடம் "எவ்வளவு வைத்து விற்கிறீர்கள்?" என்று கேட்டால், "நூற்றுக்கு நாற்பத்தைந்து வைப்போம்" என்பார். அது அடக்கத்தின் மேல் வைக்கும் லாபம். 55 வெள்ளிக்கு வாங்கிய சேலையை 80க்கு விற்கிறார் என்று வையுங்கள். லாபம் 25. அதை 55ஆல் வகுத்தால் 45 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். 80ஆல் வகுத்தால் 31.25 சதவீதம். நமக்கு வேண்டியது இரண்டாவது, அதாவது விற்பனையில் லாபம் எத்தனை பங்கு என்பது. 45 என்பதைத் தெரியாமல் விற்பனையிலிருந்து கழித்துவிட்டால், விற்ற ஒவ்வொரு சேலைக்கும் 55 வெள்ளிக்குப் பதிலாக 44 வெள்ளி அடக்கம்தான் வெளியே போனதாகக் கணக்கு சொல்லும். ஒன்பது மாத விற்பனையில் இது இல்லாத சரக்கை ஏறத்தாழ ஒரு லட்சம் வெள்ளிக்கு இருப்பதாகக் காட்டிவிடும். அட்ஜஸ்டர் அதை முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் கொடுக்கும் சரியான எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இனி போன வருடக் கணக்கு. நம் உதாரணக் கடையில் 2024ன் ஆரம்ப இருப்பு 210,000. அந்த வருடக் கொள்முதல் 690,000. விற்பனை 960,000. டிசம்பர் 31 அன்று எண்ணி எழுதிய இறுதி இருப்பு 228,000. ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி இறுதி இருப்பைக் கழித்தால் விற்றதன் அடக்கம் 672,000. மொத்த லாபம் 288,000, அதாவது சரியாக 30 சதவீதம்.

இந்த 30ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. அந்த 228,000 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். எண்ணும்போது, ஓடாமல் கிடந்த பழைய டிசைன் சேலைகள் கொஞ்சம் இருந்தன. அவற்றின் அடக்கம் 30,000. ஆனால் அந்த விலைக்குப் போகாது என்று கணக்காளர் 18,000 என்று குறைத்து எழுதினார். வருடாந்தரக் கணக்குக்கு அவர் செய்தது சரி. ஆனால் அந்த 12,000 குறைப்பு, ஓடாத சரக்கால் வந்த நஷ்டம். வழக்கமான சேலையை விற்கும்போது கிடைக்கும் லாபத்தை அது தொடவே இல்லை. நாம் தேடுவது வழக்கமான விற்பனையின் விகிதம். ஆகவே இறுதி இருப்பை முழு அடக்கத்துக்கு, அதாவது 240,000க்கு உயர்த்திவிட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும். விற்றதன் அடக்கம் 660,000 ஆகும், லாபம் 300,000 ஆகும். 960,000க்கு அது 31.25 சதவீதம். மேலே சொன்ன 55க்கும் 80க்கும் இது பொருந்துகிறது பாருங்கள். அலமாரியில் உள்ள விலைச் சீட்டும் ஏட்டிலிருந்து வந்த விகிதமும் இப்படி ஒத்துப்போனால், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்பலாம். 2024ன் ஆரம்ப இருப்பிலும் இப்படி ஏதாவது குறைத்து எழுதியிருந்தால் அதையும் நிமிர்த்த வேண்டும். நம் கடையில் அப்படி இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். விகிதம் ஒரு சதவீதம் நகர்ந்தால், ஏழு லட்சத்துச் சொச்சம் விற்பனையில் இருப்பு ஏழாயிரத்துச் சொச்சம் நகரும். அதனால்தான் விகிதத்தைச் சுத்தம் செய்வதில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

ஏற்றுக்கூலியையும் பார்த்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்குக் கப்பல் கூலி, சுங்கச் செலவு எல்லாம் உண்டு. போன வருடம் அவற்றைக் கொள்முதலோடு சேர்த்து எழுதியிருந்தால் இந்த வருடமும் சேர்க்க வேண்டும். போன வருடம் தனிச் செலவாக எழுதியிருந்தால் இந்த வருடமும் அப்படியே விட வேண்டும். ஒரு வருடம் ஒரு மாதிரி, மறு வருடம் வேறு மாதிரி என்றால் விகிதமும் இருப்பும் இரண்டு வேறு அளவுகோலில் அளந்தவையாகிவிடும்.

அடுத்தது இந்த வருடம், ஜனவரி 1 முதல் செப்டம்பர் 9 வரை. பெரும்பாலான கணக்குகள் உடைவது கொள்முதலில்தான். நம் கடையின் ஏட்டில் கொள்முதல் 625,000 என்று இருக்கிறது. கேள்வி, எவ்வளவுக்குப் பில் வந்தது என்பது அல்ல. எரிந்த இரவில் கடைக்குள் எவ்வளவு வந்து சேர்ந்திருந்தது என்பதுதான். செப்டம்பர் முதல் வாரத்தில் தீபாவளிச் சரக்கு வரத் தொடங்கியிருக்கும். 24,000 வெள்ளிக்கு ஒரு விலைப்பட்டியல் ஏட்டில் ஏறிவிட்டது, ஆனால் பெட்டிகள் அன்று பட்டர்வொர்த் துறைமுகத்திலேயே இருந்தன. அவை எரியவில்லை. கழித்துவிட வேண்டும். இதற்கு நேர்மாறாக, கோலாலம்பூர் மொத்த வியாபாரி ஒருவர் 6ஆம் தேதி 11,000 வெள்ளிக்கு வேட்டி, சட்டைத் துணி இறக்கிவிட்டுப் போனார். டெலிவரி ஆர்டரில் கடைப் பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், பில் பிறகுதான் வந்தது. அது ஏட்டில் இல்லை, ஆனால் கடையில் இருந்தது. சேர்க்க வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம், அந்த நஷ்டம் உங்களுக்குத்தான். கடைசியாக, வீட்டுக் கல்யாணத்துக்குக் கடையிலிருந்து எடுத்த சேலைகள், அடக்கம் 6,000. அவை விற்பனையிலும் வரவில்லை, கடையிலும் இல்லை. கழிக்க வேண்டும். இப்போது கொள்முதல் 606,000.

கடைசி இரண்டு வாரத்து விலைப்பட்டியல்களையும் டெலிவரி ஆர்டர்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்த வேலை முடிந்துவிடும். அட்ஜஸ்டர் அதைத்தான் செய்வார். அவர் வருமுன் நீங்கள் செய்து வைத்திருங்கள்.

விற்பனைப் பக்கம் வருவோம். ஏட்டில் 714,500. இதில் 10,500, குறைத்து எழுதிய அந்தப் பழைய சேலைகளில் பாதியை விற்று வந்தது. அதைத் தனியே எடுத்துவிடுங்கள். 31.25 சதவீத லாபம் அதில் இல்லை, ஆகவே அந்த விகிதத்தை அதன் மேல் போடக் கூடாது. மிச்சம் 704,000.

அந்த 704,000க்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இந்த வருடம் முதல் முறையாக ஆடித் தள்ளுபடி போட்டார்கள், விலைச் சீட்டில் 20 சதவீதம் குறைவு. அந்த நாள்களில் வந்த விற்பனை 64,000. அதே துணி வழக்கமான விலைக்குப் போயிருந்தால் 80,000 வந்திருக்கும். கடையை விட்டு வெளியேறிய துணி 80,000 வெள்ளித் துணிதான், கையில் வந்த காசு மட்டும் 64,000. 64,000 மேல் விகிதத்தைப் போட்டால் 44,000 அடக்கம்தான் வெளியே போனதாகக் கணக்கு சொல்லும். உண்மையில் போனது 55,000. அந்த 11,000 வெள்ளிச் சரக்கு, விற்றுத் தீர்ந்த பிறகும், தீயில் எரிந்ததாகக் காகிதத்தில் நின்றுவிடும். ஆகவே தள்ளுபடி விற்பனையை வழக்கமான விலைக்கு உயர்த்திவிட்டுத்தான் விகிதத்தைப் போட வேண்டும். 704,000இலிருந்து 64,000ஐ எடுத்து 80,000ஐச் சேர்த்தால் 720,000. இதன் அடக்கம் 68.75 சதவீதம், அதாவது 495,000. போன வருடமும் இதே அளவு ஆடித் தள்ளுபடி போட்டிருந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம், அதன் பாதிப்பு 31.25க்குள்ளேயே இருந்திருக்கும். இரண்டு வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் திருத்துகிறோம்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதினால் இப்படி வரும்:

ஜனவரி 1 இருப்பு, வழக்கமான சரக்கு மட்டும் (240,000 – 30,000): 210,000
கூட்டு: திருத்திய கொள்முதல்: 606,000
கழி: விற்றதன் அடக்கம்: 495,000
வழக்கமான சரக்கு, செப்டம்பர் 9: 321,000
கூட்டு: பழைய சேலைகளில் மிச்சம் உள்ள பாதி: 9,000
தீப்பிடித்த இரவில் இருந்த மொத்தச் சரக்கு: 330,000

பழைய சேலைகளின் மிச்சப் பாதிக்கு அடக்கம் 15,000 என்றாலும், டிசம்பர் 31ல் அதற்குப் போட்ட மதிப்பு 9,000. மற்ற பாதி 10,500க்கு விற்றிருப்பதால், விற்கும் செலவு போக 9,000 தேறும் என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். 15,000 கேட்டால் நிற்காது. தீ அந்தச் சேலையிடமிருந்து பறித்தது அன்று அதற்கு இருந்த மதிப்பைத்தான். அதே காரணத்தால் எந்தச் சரக்கையும் விற்பனை விலையில் கேட்க முடியாது. இழந்த லாபத்துக்கு வேறு வகைக் காப்புறுதி இருக்கிறது, சாதாரணத் தீ போலிசி அடக்கத்தோடு நின்றுவிடும்.

இந்த 330,000 நம்பத் தகுந்ததா? இரண்டு சோதனைகளை நீங்களே செய்து, கணக்கோடு இணைத்துக் கொடுங்கள். முதல் சோதனை, இதே முறையை விடை தெரிந்த ஒரு தேதிக்குப் போட்டுப் பார்ப்பது. 2023ன் விகிதம் 31 சதவீதம் என்றால், அதை 2024ன் விற்பனைக்குப் போட்டு டிசம்பர் 31 இருப்பைக் கணக்கிடுங்கள். 237,600 வரும். அன்று உண்மையில் எண்ணியது முழு அடக்கத்தில் 240,000. நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம். இந்தக் கடைக்கு இந்த முறை பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வித்தியாசம் பெரிதாக வந்தால், விகிதம் வருடத்துக்கு வருடம் ஆடுகிறது என்று அர்த்தம். அப்போது சேலை, வேட்டி, பள்ளிச் சீருடை என்று பிரித்துத் தனித்தனி விகிதம் போட வேண்டியிருக்கும்.

இதிலேயே துணிக்கடைகளுக்கு மட்டும் உள்ள ஒரு நுணுக்கம் உண்டு. போன வருட விகிதம் பன்னிரண்டு மாதத்துக்கானது. அதில் தீபாவளி வாரங்களின் பட்டுச்சேலை விற்பனை அடக்கம், அதில் லாபம் கூடுதலாக இருக்கும். உங்கள் தீ தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை சாதாரண உடுப்புகளே அதிகம் போயிருந்தால், அந்த மாதங்களின் உண்மையான விகிதம் 31.25ஐ விடக் குறைவாக இருக்கும், அடக்கம் அதிகமாக வெளியே போயிருக்கும், இருப்பு கொஞ்சம் இறங்கும். இதைச் சரிபார்க்க, இந்த வருட விற்பனை ரசீதுகளில் மாதத்துக்கு ஐந்து என்று நாற்பது, நாற்பத்தைந்து ரசீதுகளை எடுங்கள். பிடித்ததைப் பொறுக்காமல் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வந்தவற்றை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு துணிக்கும் வாங்கிய பில்லைத் தேடி விலையை எழுதுங்கள். ஒரு நாள் வேலை. கிடைக்கும் விகிதம் 31க்குப் பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. 28 என்று வந்தால் 28ஐயே போடுங்கள். அட்ஜஸ்டர் கண்டுபிடித்துக் குறைப்பதை விட நீங்களே குறைத்துக் கொடுத்த கணக்கு வலுவாக நிற்கும்.

இரண்டாவது சோதனை அலமாரி. எரியாமல் தப்பிய மாடி அறைச் சரக்கின் அடக்கம் 40,000. புகை, தண்ணீர் பட்டுக் கெட்டாலும் உருவம் இருக்கும் சரக்கின் அடக்கம் 66,000. இரண்டையும் கழித்தால் 224,000 வெள்ளிச் சரக்கு கீழ்த்தளத்தில் எரிந்திருக்க வேண்டும். ஓர் உருப்படியின் சராசரி அடக்கம் 55 என்றால் ஏறத்தாழ 4,070 உருப்படிகள். கீழ்த்தளத்தில் 60 தட்டுகள், தட்டுக்கு 70 துணி என்றால் 4,200 அடங்கும். கணக்கு இடத்துக்குள் பொருந்துகிறது. ஏழாயிரம் உருப்படி என்று வந்திருந்தால் ஏதோ ஓரிடத்தில் தவறு. பெரும்பாலும் அது ஏட்டில் ஏறாத ரொக்க விற்பனையாக இருக்கும். எழுதாமல் விட்ட விற்பனை எல்லாம் இந்த முறையில் எரிந்த சரக்காக வேடம் போட்டு வந்து நிற்கும். அதனால்தான் அட்ஜஸ்டர் சாம்பலைக் கிளறிப் பார்க்கிறார். இறுக்கமாக மடித்து அடுக்கிய துணி முழுதாக எரிந்து மறைந்துவிடாது. ஓரம் கருகி நடு மடிப்பு மிஞ்சும், கருகிய கட்டுகளைத் தட்டுவாரியாக எண்ணக்கூட முடியும். ஆகவே அவர் பார்த்து முடிக்கும்வரை எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். நனைந்த துணியை மட்டும் அவர் சம்மதத்தோடு பிரித்து உலர்த்துங்கள். பூசணம் பிடிக்க விட்டுவிட்டால் அந்தக் கூடுதல் நஷ்டத்தை உங்கள் தலையில் வைப்பார்கள்.

இப்போது நஷ்டத் தொகை. 330,000இலிருந்து தப்பிய 40,000ஐக் கழியுங்கள். கெட்டுப்போன 66,000 வெள்ளிச் சரக்கை அட்ஜஸ்டர் முன்னிலையில் விலை கேட்டு 22,000க்கு விற்றார்கள் என்றால் அதையும் கழியுங்கள். நஷ்டம் 268,000. தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சிய தண்ணீரால் கெட்டதும் தீயால் வந்த நஷ்டமாகவே சேரும்.

போலிசித் தொகை முழுதும் கிடைக்குமா என்பதற்கு விடை, பெரும்பாலும் கிடைக்காது என்பதே. காரணம் போலிசியில் உள்ள சராசரி விதி. நம் கடை 264,000க்குக் காப்புறுதி எடுத்திருந்தது. டிசம்பரில் 228,000 இருப்பைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடவே எடுத்ததாகத்தான் அப்போது நினைத்திருப்பார்கள். ஆனால் விதி டிசம்பரைப் பார்ப்பதில்லை, தீப்பிடித்த இரவைப் பார்க்கிறது. அன்று தீபாவளிச் சரக்கு வந்து குவிந்து மொத்தம் 330,000 இருந்தது. 264,000 என்பது அதில் 80 சதவீதம். மீதி 20 சதவீதத்துக்குக் கடைக்காரரே காப்புறுதியாளர் என்று விதி எடுத்துக்கொள்ளும். ஆகவே 268,000இல் 80 சதவீதம், 214,400தான் கிடைக்கும். அதிலிருந்து போலிசியில் நீங்களே தாங்குவதாக ஒப்புக்கொண்ட ஆரம்பத் தொகை ஏதாவது இருந்தால் அதுவும் கழியும். தப்பிய சரக்கையும் சேர்த்து மொத்த இருப்போடு ஒப்பிடுவதைக் கவனியுங்கள். எரிந்ததை மட்டும் 264,000ஓடு ஒப்பிட்டு, நான்காயிரம்தான் குறைகிறது என்று நினைப்பது பலர் செய்யும் தவறு.

சரக்கைக் கூட்டிக் காட்டினால் அதிகம் வராதா என்று யாராவது அப்பாவிடம் சொல்லக்கூடும். போட்டுப் பாருங்கள். எந்தத் திருத்தமும் செய்யாமல் 30 சதவீதத்தையும் ஏட்டு எண்களையும் அப்படியே போட்டால் இருப்பு 352,850 வரும், 22,850 அதிகம். நஷ்டம் 290,850 ஆகும். ஆனால் இருப்பு ஏறியதால் காப்புறுதியின் பங்கு 80இலிருந்து 75 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கிடைப்பது 217,612. இல்லாத 22,850 வெள்ளிச் சரக்கைச் சேர்த்ததற்கு 3,212தான் கூடுகிறது. தெரிந்தே கூட்டியது என்று நிரூபணமானால், தீ போலிசியின் மோசடி விதிப்படி மொத்தக் கோரிக்கையும் போய்விடும். மூவாயிரத்துக்காக இரண்டு லட்சத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஏடுகளும் எரிந்துவிட்டனவா என்று நீங்கள் சொல்லவில்லை. எரிந்திருந்தாலும் கலங்க வேண்டாம், எண்கள் வேறு இடங்களில் உயிரோடு இருக்கும். அப்பா தனியுரிமையில் கடை நடத்துகிறார் என்றால், 2024க்கான வருமான வரிப் பாரம் பி இந்த வருட மத்தியிலேயே போயிருக்கும். ஆரம்ப இருப்பு, கொள்முதல், விற்பனை, இறுதி இருப்பு நான்கும் அதில் இருக்கின்றன. தீக்கு முன்பே அரசாங்கத்திடம் கொடுத்த எண் என்பதால் அட்ஜஸ்டருக்கு அதன் மேல் நம்பிக்கை அதிகம். உங்கள் கணக்கும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று நிச்சயம் கேட்பார். கொள்முதலுக்கு மொத்த வியாபாரிகளிடம் வருடம் முழுவதற்கான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். இறக்குமதிக்குச் சுங்கப் பாரம் கே1 நகல் ஏஜென்ட்டிடம் இருக்கும். மின் விலைப்பட்டியல் அனுப்பும் வியாபாரி என்றால் MyInvois தளத்தில் அது கிடக்கும். விற்பனைக்கு வங்கி ஸ்டேட்மென்ட், கார்டு இயந்திர அறிக்கை, கியூஆர் கட்டணப் பதிவு மூன்றையும் சேருங்கள். ரொக்க விற்பனைக்கு வங்கியில் போட்ட பணத்தோடு, போடாமல் கூலிக்கும் வீட்டுக்கும் எடுத்த ரொக்கத்தையும் கூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் விற்பனை குறையும், இருப்பு பொய்யாக வீங்கும்.

கணக்கை முடிக்க எல்லாக் காகிதமும் வரும்வரை காத்திருக்காதீர்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுப்பதற்குப் போலிசி ஒரு கெடு வைத்திருக்கும், அதைப் பார்த்து அதற்குள் முதல் கணக்கைக் கொடுத்து, "ஆதாரம் வர வர இணைக்கப்படும்" என்று எழுதுங்கள். போலீஸ் புகாரும் பொம்பா அறிக்கைக்கான விண்ணப்பமும் அதோடு போகட்டும். தீ எப்படி வந்தது என்பதில் தகராறு இல்லாமல் விகிதத்தில் மட்டும் இழுபறி என்றால், அட்ஜஸ்டரிடம் இடைக்காலத் தொகை கேளுங்கள். அவர் 28 சதவீதம்தான் என்கிறார், நீங்கள் 31.25 என்கிறீர்கள் என்று வையுங்கள். 28 போட்டால் விற்றதன் அடக்கம் 518,400, இருப்பு 306,600, நஷ்டம் 244,600. சராசரி விதியையும் போட்டால் 210,600க்குச் சற்று மேல் வரும். அவ்வளவு வரை இரண்டு பேருக்கும் சம்மதம். அதில் ஒரு பகுதியை இப்போதே விடுவிக்கச் சொல்லிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அவர் பரிந்துரை எழுதலாம். துறைமுகத்தில் நிற்கும் அந்த 24,000 வெள்ளிச் சரக்கை எடுத்து, தீபாவளிக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு தற்காலிகக் கடை போட அப்பாவுக்கு அது உதவும்.